தொட்டி திரும்பி வருகிறதா? விவரிப்பில் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும் வழி

இணையத்தில் தொட்டியும் தோட்டக் கருவியும் விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழியில் உடைந்து திரும்பி வரும் தொட்டிக்குக் காரணம் பெட்டியைப் பிரித்ததும் தெரிந்துவிடும். ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வரும் தொட்டிதான் தலைவலி. பொருளில் குறை இல்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. நாம் எழுதிய நான்கு வரியில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு விதமாகப் புரியும்படி இருந்திருக்கும்.

கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. உங்களுக்கு வந்த புகார் எதுவோ அதற்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தையல் டேப், ஸ்கேல், லிட்டர் அளவு போட்ட குவளை, சமையலறைத் தராசு, ஒரு காந்தம், ஓட்டையை அடைக்க அகலமான டேப் இருந்தால் போதும்.

## "12 இன்ச் என்று போட்டிருந்தீர்கள், சின்னதாக வந்திருக்கிறது"

முதலில் அவர் எங்கே வைத்து அளந்தார் என்று கேளுங்கள். தொட்டி வாயின் குறுக்கே டேப்பை வைத்து ஒரு படம் அனுப்பச் சொன்னால் பாதிப் புகார்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஒரு தொட்டிக்கு மூன்று விட்டங்கள் உண்டு: விளிம்பின் வெளிப்பக்கம், உள்வாய், அடி. கடைகளில் "12 இன்ச் தொட்டி" என்றால் பெரும்பாலும் விளிம்பின் வெளிப்பக்க அளவு. செடி வைக்கிறவருக்கு வேண்டியது உள்வாய். உருட்டி மடித்த விளிம்புள்ள தொட்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே 3 செ.மீ. வரை வித்தியாசம் வரும்.

வெளிவிளிம்பு சரியாக இருக்கிறது, உள்வாய்தான் குறைகிறது என்றால் பிழை விவரிப்பில் மட்டுமே. "விட்டம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதியதுதான் காரணம். உள்வாய், வெளிவிளிம்பு, அடி, உயரம் என்று நான்கையும் எழுதுங்கள். உயரத்தையும் வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. பல பிளாஸ்டிக் தொட்டிகளில் அடிப்பாகம் உள்ளே மேலெழும்பி இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் அது தெரியாது.

வெளிவிளிம்பே குறைகிறது என்றால் கிடங்கில் இருந்து மூன்று தொட்டிகளை எடுத்து அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால், "12" என்பது உற்பத்தியாளர் வைத்த மாடல் பெயராக இருக்கலாம், அல்லது அச்சு மாறியிருக்கலாம். பட்டியலில் இருக்கும் எண்ணை நம்பாமல் அளந்த எண்ணைப் போடுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் அது கையால் வனைந்த மண் தொட்டியாக இருக்கும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குவதால் அந்த வித்தியாசம் இயல்பு. வாயை நெட்டாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை அளந்துவிட்டு, "கையால் செய்தது, அளவு 1 செ.மீ. கூடலாம் குறையலாம்" என்று எழுதிவிட்டால் அந்தப் புகார் நின்றுவிடும்.

அது தொட்டி இல்லை, பை என்றால் இந்தக் கிளையைக் கவனமாகப் படியுங்கள். மாடித்தோட்டக்காரர்கள் நம்மிடம் கோபப்படுவது இங்கேதான் அதிகம். நாற்றுப் பை, பாலித்தீன் பை போன்றவற்றில் அளவு என்பது பையைத் தட்டையாக விரித்து வைத்த அகலம். மண் நிரப்பியதும் அந்த அகலம் வளைந்து வட்டமாகிவிடும். தட்டையான அகலத்தை 0.64-ஆல் பெருக்கினால் நிரப்பிய விட்டம் கிடைக்கும். அதாவது 12 இன்ச் அகலமுள்ள பை, மண் போட்டதும் ஏழரை இன்ச்சைக் கொஞ்சம் தாண்டும் விட்டத்தில்தான் நிற்கும். வட்டமான அடி வைத்துத் தைத்த குரோ பேக்கில் இந்தக் கணக்கு கிடையாது. அதில் 12 × 12 என்றால் விட்டமும் உயரமுமே. இரண்டு பைகளுக்கும் ஒரே மாதிரி "12 × 12" என்று எழுதினால் வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? "நிரப்பிய பின் விட்டம்" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

அளவு எல்லாம் சரி, ஆனாலும் சின்னதாகத் தெரிகிறது என்கிறார்களா? படத்தைப் பாருங்கள். 6 இன்ச் தொட்டியில் சின்ன இலைச் செடியை வைத்து, பின்னணியில் வேறு எதுவும் இல்லாமல் கிட்டத்தில் எடுத்த படம் பார்ப்பவருக்குப் பெரிய தொட்டியாகத்தான் தெரியும். வாயின் குறுக்கே டேப் வைத்து ஒரு படம், ஆள் கையில் பிடித்தபடி ஒரு படம், இந்த இரண்டையும் சேர்த்தால் போதும்.

### லிட்டர் கணக்கு எங்கே தவறுகிறது: ஒரு தொட்டியை முழுதாகப் பார்ப்போம்

சாம்பல் நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. விவரிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "12 இன்ச் தொட்டி, 20 லிட்டர், வெயில் தாங்கும்." கறிவேப்பிலை வைக்க வாங்கிய ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இருபது லிட்டர்னு பார்த்து இருபது லிட்டர் மண் கலவையும் சேர்த்து வாங்கினேன். பாதிக்கு மேல மிச்சம் இருக்கு. தொட்டி மாறி வந்துடுச்சா?"

தொட்டி மாறவில்லை. வெளிவிளிம்பு 30.5 செ.மீ., வெளி உயரம் 27 செ.மீ. இந்த இரண்டை வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள உருளை என்று கணக்குப் போட்டால் 19.7 லிட்டர் வரும். பட்டியல் போட்டவர் அப்படித்தான் 20 என்று எழுதியிருக்கிறார். ஆனால் தொட்டி கீழே போகப் போகக் குறுகும். உள்ளே அளந்தால் மேல் விட்டம் 27.5 செ.மீ., அடி விட்டம் 20 செ.மீ., உள் உயரம் 24 செ.மீ. குறுகும் தொட்டிக்கான கணக்கு இது:

```
கொள்ளளவு = 0.262 × உயரம் × (மேல்×மேல் + மேல்×அடி + அடி×அடி)
         = 0.262 × 24 × (756 + 550 + 400)
         = 10,727 கன செ.மீ. = 10.7 லிட்டர்
```

விளிம்புவரை யாரும் மண் போடுவதில்லை. தண்ணீர் ஊற்ற மேலே 3 செ.மீ. விட்டால் உள்ளே போகும் கலவை ஏறக்குறைய 9 லிட்டர். அந்த அம்மா சொன்னது அட்சர சுத்தமாகச் சரி.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஓட்டைகளை டேப்பால் அடைத்துவிட்டு, விளிம்புக்கு 3 செ.மீ. கீழே ஒரு கோடு போட்டு, லிட்டர் குவளையால் எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றுங்கள். சதுரத் தொட்டி, வயிறு பெருத்த தொட்டி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சோதனை பொருந்தும். அந்தத் தொட்டியின் விவரிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

> உள்வாய் 27.5 செ.மீ., வெளிவிளிம்பு 30.5 செ.மீ. (12 இன்ச்), அடி 20 செ.மீ., உயரம் வெளியே 27, உள்ளே 24 செ.மீ. விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை நிரப்ப 9 லிட்டர் கலவை போதும். அடியில் திறந்த நிலையில் 5 ஓட்டைகள், ஒவ்வொன்றும் 1 செ.மீ. அடித்தட்டு சேராது. பிளாஸ்டிக் (பிபி), காலித் தொட்டியின் எடை 650 கிராம்.

இதில் "வெயில் தாங்கும்" என்ற சொல் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ஏன் எடுத்தோம் என்பதை வெயில் பகுதியில் சொல்கிறேன்.

எப்போது ஒரு நிபுணரைக் கேட்பது: இன்ச்சில் மட்டும் அளவு போட்டிருந்தால், பட்டியல் பெரிதாகும் முன் சட்ட அளவியல் விதிகள் தெரிந்த ஒருவரிடம் லேபிளையும் விவரிப்பையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம் மெட்ரிக் அளவுகளை அடிப்படையாகக் கொண்டது. பொதி செய்த பொருள்களுக்கென்று 2011-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. செ.மீ. முதலில், இன்ச் துணைக்கு என்று எழுதும் பழக்கம் பாதுகாப்பானது. இன்னொன்று: 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஆகவே விவரிப்பு என்பது அலங்கார வரி இல்லை, நாம் கொடுக்கும் வாக்கு.

## "தண்ணீர் வடியவே இல்லை, செடி அழுகிவிட்டது"

ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அபத்தமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பல பிளாஸ்டிக் தொட்டிகளில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வட்டத் தகடு மட்டுமே இருக்கும். வாங்கியவர் அதைக் குத்தித் திறந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் வைப்பவர்களுக்குத் தண்ணீர் ஒழுகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதை எழுதாமல் "வடிகால் உண்டு" என்று போட்டால் பொய் சொன்ன மாதிரிதான். "ஓட்டைகள் மூடிய நிலையில் வரும், ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திறக்கலாம்" என்று எழுதுங்கள். திறக்கும் இடத்தைக் காட்டி, தொட்டியைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு படம்தான் கூடுதலாகப் போட முடியும் என்றால் அடிப்பாகத்துப் படத்தைத்தான் போடுவேன்.

ஓட்டை திறந்தே இருக்கிறது, ஆனாலும் வடியவில்லை என்றால் தொட்டி எதன் மேல் நிற்கிறது என்று கேளுங்கள். அடி முழுக்கத் தட்டையான தொட்டியை வழவழப்பான டைல்ஸ் மேல் வைத்தால் தரையே ஓட்டையை அடைத்துவிடும். சோதிப்பது சுலபம்: காலித் தொட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றி, முதலில் தரையில் வைத்துப் பாருங்கள், பிறகு இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துப் பாருங்கள். செங்கல் மேல் மட்டும் சளசளவென்று வடிந்தால், விவரிப்பில் "அடி தட்டையானது, கால் கிடையாது, செங்கல் அல்லது ஸ்டாண்ட் மேல் வைக்கவும்" என்ற வரி சேர வேண்டும். அடியில் சின்னக் கால்களோ பள்ளமோ உள்ள தொட்டி என்றால் அதைப் பெருமையாகவே எழுதலாம்.

செங்கல் மேல் வைத்தும் மெதுவாக வடிந்தால் ஓட்டையின் எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். "வடிகால் ஓட்டைகள் 4" என்று எழுதுவோம், ஒவ்வொன்றும் 4 மி.மீ. என்று சொல்ல மாட்டோம். 4 மி.மீ. ஓட்டை நார்க்கழிவின் இழை ஒன்று போய் உட்கார்ந்தாலே அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கையும் விட்டமும் சேர்ந்தே வர வேண்டும்.

காலித் தொட்டியில் நன்றாக வடிகிறது, மண் போட்டால் தேங்குகிறது என்றால் தொட்டியின் மேல் குறையில்லை. வெறும் தோட்டமண்ணை, அதிலும் களிமண்ணை, அப்படியே அள்ளிப் போட்டிருப்பார்கள். விவரிப்பில் இதைத் திருத்த முடியாது. ஆனால் கீழே ஒரு வரியில் எந்தக் கலவை இந்தத் தொட்டிக்குப் பொருந்தும் என்று சொன்னால் அழைப்பு குறையும்.

அது அழகுக்கான வெளித்தொட்டி என்றால் அதற்கு ஓட்டை இருக்கவே இருக்காது. நாற்றங்கால் தொட்டியோடு செடியை அதற்குள் இறக்கி வைக்க வேண்டும். பீங்கானிலும் தகரத்திலும் இந்த வகை அதிகம். தலைப்பிலேயே "ஓட்டை இல்லாத வெளித்தொட்டி" என்று எழுதுங்கள். கீழே பத்தாவது வரியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. உள்ளே எத்தனை செ.மீ. விட்டமுள்ள தொட்டிவரை இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் வாங்குகிறவர் அடுத்துக் கேட்கப் போகும் கேள்வி அதுதான்.

தானே நீர் ஊட்டும் தொட்டி என்றால் நிரம்பி வழியும் துளை ஒன்று பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டவெளி மாடியில் ஐப்பசி மழைக்கு அந்தத் துளை இல்லாத தொட்டி குளமாகிவிடும். துளை இல்லை என்றால் "கூரைக்குக் கீழே வைக்க மட்டும்" என்று எழுதுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பீங்கான், சிமெண்ட் தொட்டிகளில் ஓட்டை போட்டுத் தரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். சாதாரண டிரில் பிட்டைச் சுத்தியல் போல இடிக்கும் முறையில் ஓட்டினால் பீங்கான் விரிசல் விடும். வைரத் துகள் பதித்த பிட்டும், தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக ஓட்டும் கையும் வேண்டும். டைல்ஸ் வேலை செய்பவர்களிடம் இரண்டும் இருக்கும். அனுப்பும் முன்பே நீங்கள் போட்டுக் கொடுத்தால் அதை விவரிப்பில் ஒரு தெரிவாகவே வைக்கலாம்.

## "ஒரே கோடையில் பொடிந்துவிட்டது"

"வெயில் தாங்கும்" என்ற இரண்டு சொல்லில் மூன்று வேறு வேறு வாக்குகள் ஒளிந்திருக்கின்றன. நிறம் போகாது என்பது ஒன்று, உடையாது என்பது இன்னொன்று, உள்ளே வேர் வெந்துபோகாது என்பது மற்றொன்று. நாம் ஒன்றை நினைத்து எழுத, அவர் இன்னொன்றை நினைத்து வாங்குகிறார். அதனால் புகார் வந்ததும் எது நடந்தது என்று பிரித்துப் பாருங்கள்.

நிறம் மட்டும் வெளுத்தது, தொட்டி உறுதியாக இருக்கிறது. வண்ணத்தூளின் தரம் காரணம். சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுப்பதை மாடியில் அடிக்கடி பார்க்கலாம். விவரிப்பில் "நேரடி வெயிலில் நிறம் மங்கும், உறுதி குறையாது" என்று எழுதலாம். ஆனால் உறுதி குறையவில்லை என்று நீங்களே பார்த்திருந்தால் மட்டும்.

கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறது. ஒரு கறுப்புத் துணியால் வெயில் பட்ட பக்கத்தைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொடி வந்தால் பிளாஸ்டிக்கின் மேல்தோல் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னும் உடையவில்லை, ஆனால் உடையும் பாதையில் இருக்கிறது. (மண் தொட்டியில் வரும் வெள்ளை வேறு, அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.)

விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் துண்டாக வருகிறது. இங்கே ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரே தொட்டியில் வெயில் பட்ட பக்கத்து விளிம்பையும் நிழல் பக்கத்து விளிம்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் பக்கம் வளைந்து கொடுத்து, வெயில் பக்கம் மட்டும் படக்கென்று முறிந்தால் காரணம் வெயில்தான். இரண்டு பக்கமும் முறிந்தால் வெயிலைக் குற்றம் சொல்லாமல், பிளாஸ்டிக்கின் தரத்தையும் கனத்தையும் சந்தேகியுங்கள்.

கனத்தைப் பார்க்கத் தராசு போதும். முன்பு வந்த சரக்கில் ஒன்றையும் புதிய சரக்கில் ஒன்றையும் எடை போடுங்கள். அதே அளவுத் தொட்டி 650 கிராமில் இருந்து 500 கிராமுக்கு இறங்கியிருந்தால் சுவர் மெலிந்துவிட்டது. இதற்காகவே காலித் தொட்டியின் எடையை விவரிப்பில் எழுதச் சொல்கிறேன். வாங்குகிறவருக்கும் உதவும், சரக்கு மாறினால் நமக்கும் உடனே காட்டிக்கொடுக்கும்.

எடையும் மாறவில்லை என்றால், வெயில் தாங்குவதற்குச் சேர்க்கும் யூவி ஸ்டெபிலைசர் இந்தச் சரக்கில் இருக்கிறதா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மறுசுழற்சி பிளாஸ்டிக் கலந்ததா என்பதும் அப்படித்தான். சரக்குக்குச் சரக்கு மாறும். கறுப்பாக இருந்தால் வெயில் தாங்கும் என்று நினைப்பதிலும் பாதிதான் உண்மை. சரியான அளவில் நன்றாகக் கலந்த கார்பன் பிளாக் பிளாஸ்டிக்கை வெயிலில் இருந்து நன்றாகவே காக்கும். கறுப்பு நிறம் தெரிவதற்கு மட்டும் கொஞ்சம் சேர்த்திருந்தால் அந்தப் பலன் இருக்காது.

இதற்குச் செலவில்லாத ஒரு ஏற்பாடு: புதிய சரக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டியின் அடியில் தேதி எழுதி, மாடியில் மேற்குப் பார்த்த இடத்தில் மண்ணோடு வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் துணித் தேய்ப்பும் விளிம்பு அழுத்தலும் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் வரி இப்படி இருக்கலாம்: "சென்னை மாடியில் ஒரு முழுக் கோடை நேரடி வெயிலில் வைத்துப் பார்த்தோம், விளிம்பு முறியவில்லை, நிறம் லேசாக வெளுத்தது." நூறு சதவீதம் யூவி ப்ரூஃப் என்ற வரியைவிட இதை மக்கள் நம்புவார்கள். இந்தச் சோதனை முடியாத தொட்டிக்கு வெயிலைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவதே சரி. சாம்பல் நிறத் தொட்டியின் விவரிப்பில் அந்தச் சொல் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

தொட்டி நன்றாக இருக்கிறது, செடிதான் வாடுகிறது. கறுப்புத் தொட்டியும் தகரத் தொட்டியும் மதிய வெயிலில் கையை வைக்க முடியாத அளவு சூடாகும். மேற்குப் பக்கம் தொட்டியின் சுவரை ஒட்டிய வேர்கள் முதலில் கருகும். தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் வேர் பழுப்பாகக் காய்ந்திருக்கும். விவரிப்பில் "பகல் முழுக்க வெயில் படும் இடத்துக்கு வெளிர் நிறம் எடுத்துக்கொள்ளவும்" என்று சேருங்கள். தகரத் தொட்டி என்றால் "காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

எப்போது ஆய்வகத்துக்குப் போவது: பெரிய ஆர்டர் கொடுக்கும் முன்பும், ஒரே சரக்கில் இருந்து மறுபடி மறுபடி உடைந்து வரும்போதும். முதல் படியாகச் சப்ளையரிடம் ஸ்டெபிலைசர் சேர்த்ததற்கான எழுத்துபூர்வமான உறுதியைக் கேளுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. தரத் தயங்கினால் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற பிளாஸ்டிக் ஆய்வு நிலையங்களில் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். அங்கே விளக்கு வைத்து வெயிலை வேகப்படுத்திச் செய்யும் சோதனையின் முடிவு, எத்தனை மணி நேரம் தாங்கியது என்ற கணக்கில் வரும். அந்த மணி நேரத்தை நீங்களாக ஆண்டுகளாக மாற்றி விவரிப்பில் போடாதீர்கள். நம்மூர் மாடியில் வெயிலோடு மழையும் சூடும் சேர்ந்து வேலை செய்கின்றன. நேரான பெருக்கல் கணக்கு கிடையாது.

## "மண் தொட்டி என்று நினைத்து வாங்கினேன்"

அநேகமாகத் தலைப்பில் "டெரகோட்டா தொட்டி" என்று இருக்கும், வந்தது செங்கல் நிற பிளாஸ்டிக். டெரகோட்டா என்பதை நிறத்தின் பெயராகச் சிலர் எழுதுகிறார்கள். பொருளின் பெயர் முதலில், நிறம் பிறகு: "பிளாஸ்டிக் தொட்டி, செங்கல் நிறம்." அதேபோல "பீங்கான் தோற்றம்", "கல் தோற்றம்" என்று எழுதும்போது எதனால் செய்தது என்பது அதே வரியில் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே மண் தொட்டிதான், ஆனால் வெளியே வெள்ளையாகப் பூக்கிறது என்றால் அது தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே ஈரம் வெளியேறும்போது உப்பு மேலே தங்கிவிடும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சீக்கிரமே தெரியும். குறை இல்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குறையாகத்தான் தெரியும். மண் அடித்தட்டும் இப்படித்தான் கசியும். மரத்தரை, மேசை மேல் வைப்பவர்களுக்கு "அடியில் ஈரம் கசியும்" என்ற எச்சரிக்கை வேண்டும்.

மண் தொட்டி உதிர்கிறது என்றால் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அல்லது சூளையில் சரியாக வேகாமல் இருக்கலாம். கிடங்கில் இருந்து ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பாருங்கள். விளிம்பு நகத்தால் சுரண்ட வருகிறது என்றால் அந்தச் சரக்கை விற்காதீர்கள், செய்து கொடுத்த குயவரிடமே காட்டிப் பேசுங்கள். சூளையில் எந்த வரிசையில் இருந்த தொட்டிகள் என்று அவருக்குத்தான் தெரியும்.

சிமெண்ட் தொட்டிக்கு ஒரு வரி: புதிதாக வார்த்ததில் சுண்ணாம்புச் சத்து இறங்கும் என்பதால் சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகு செடி வைக்கச் சொல்லுங்கள். எடையையும் கிலோவில் போடுங்கள். நிரப்பிய பெரிய சிமெண்ட் தொட்டிகளை வரிசையாக மாடியிலோ பால்கனியிலோ அடுக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், விற்கும் முன் கட்டடப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பதிலை நாம் சொல்லக் கூடாது.

## "கத்தரி துருப்பிடித்துவிட்டது, கிளை வெட்டவில்லை"

கருவிகளில் புகார் வந்தால் முதல் கேள்வி: இரவு எங்கே வைத்தீர்கள்? மாடியில் மழையில் கிடந்த கார்பன் ஸ்டீல் கத்தரி துருப்பிடிக்கத்தான் செய்யும். விவரிப்பில் "ஸ்டீல்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தைத்தான் நினைப்பார். கார்பன் ஸ்டீலா, எவர்சில்வரா என்று எழுதுங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

சப்ளையர் எவர்சில்வர் என்கிறார், நமக்குச் சந்தேகம். காந்தம் வைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான், ஆனால் அது முழு விடை தராது. வெட்டும் அலகுக்குப் பயன்படும் எவர்சில்வர் வகைகள் கெட்டிப்படுத்தியவை, அவற்றில் காந்தம் ஒட்டும். ஒட்டியதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரு துண்டு ஈரத்துணியில் உப்பு போட்டு அலகின் மேல் இரண்டு நாள் சுற்றி வையுங்கள். செம்பழுப்பாகத் துரு பரவினால் "துருப்பிடிக்காது" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பெரிய எண்ணிக்கையில் வாங்குகிறீர்கள் என்றால் உலோக ஆய்வகத்தில் ஒரு அலகைக் கொடுத்து எந்த வகை என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

வெட்டவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கிளையின் தடிமன். கவாத்துக் கத்தரிக்குப் பச்சைக் கிளையில் எத்தனை மி.மீ. வரை, காய்ந்த கிளையில் எத்தனை மி.மீ. வரை என்று இரண்டு எண் எழுதுங்கள். ஒரு ரோஜாத் தண்டு, ஒரு முருங்கைக் கிளை, ஒரு காய்ந்த கொய்யாக் கிளை, மூன்றையும் நீங்களே வெட்டிப் பார்த்து எழுதினால் போதும். கைப்பிடியில் ரப்பர் உறை இருந்தால் ஒரு வாரம் வெயிலில் போட்டு எடுங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் "நிழலில் வைக்கவும்" என்பது விவரிப்பின் முதல் மூன்று வரிகளுக்குள் வர வேண்டும்.

பூவாளிக்கும் நீர்க்குழாய்க்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குச் சொன்ன வெயில் சோதனையே செல்லும். குழாயில் மட்டும் இன்னொன்று: "அரை இன்ச்" என்பது உள்விட்டமா வெளிவிட்டமா என்று எழுதுங்கள். வெளிவிட்டத்தைப் போட்டு விற்றால் வாடிக்கையாளர் வீட்டுக் குழாய் முனையில் அது ஏறாது.